ஸ்கார்பரோ கடையில் ஒரு சமையலறை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, அது ஏன்? இங்கே எல்லோரும் சௌக்கியம். சரோஜா போன வாரம் பேசினாள். அதே பழைய புகார், அதே பழைய குரல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மளிகைக் கடையில் ஒரு சமையலறை வந்திருக்கிறது. பின்பக்கம் அரிசி மூட்டை அடுக்கியிருக்குமே, அந்தச் சுவரை ஒட்டித்தான். முதலாளி முதலில் நினைத்தது வெறும் அலங்காரம்: பித்தளைக் குடம், முறம், பின்னால் வாழைமரப் படம். வருகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. கனடாவுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்குக் குடத்தைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? "தண்ணீர்க் குழாயும் கரண்டும் கொடுங்கள், அங்கேயே அரைத்து, அவித்துக் காட்டுகிறேன்" என்றேன். கொஞ்ச நாள் யோசித்துவிட்டு, "செய் பிள்ளை, பாப்பம்" என்றார். மேசையில் வைக்கிற கிரைண்டரும் வந்துவிட்டது.

இடது பக்கம் முதலாளியின் இலங்கை ஊர்ச் சாமான்: வறுத்த சிவப்பரிசி மா, ஒடியல் மா, புட்டுக் குழல், வறுத்து அரைத்த கறித்தூள். வலது பக்கம் நம்முடையது. நடுவில் நாலு கிண்ணங்களில் பச்சரிசி, புழுங்கல், இட்லி அரிசி, சிவப்பரிசி. இந்தக் கிண்ணங்களை வைக்கச் சொன்னது நான்தான். 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே ஜனம் வண்டி வண்டியாக இட்லி அரிசியைத் தூக்கிக்கொண்டு போனது. இட்லி அரிசியும் புழுங்கல் வகைதான், புழுங்கல் அரிசி அந்தத் தடையிலேயே இல்லை. அடுத்த மாதம் அதற்கு 20 சதவீத வரி போட்டார்கள், அவ்வளவுதான். எது பச்சரிசி, எது புழுங்கல் என்று கையில் எடுத்துப் பார்த்துப் பழகாததால் வந்த பதற்றம் அது. அப்போதே மனசில் குறித்து வைத்தேன்.

இப்போது நான் சொல்ல வந்ததைக் கேள். ஜனவரியில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு கண்ணாடி ஜாடியில் மாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அக்கா, நீங்களே பாருங்க." அடியில் அரிசி படிந்து, மேலே ஒரு விரல் தண்ணீர் நின்றது. ஒரு குமிழிகூட இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது, முதல் ஆகாரமாக இட்லி கொடுக்க வேண்டும் என்று ஆசை. சொல்ல அம்மா பக்கத்தில் இல்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது.

உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரிசி எது? சோறு வடிக்கிற சோனா மசூரிப் பச்சரிசி. உளுந்து? உடைத்த உளுந்து, மலிவாகக் கிடைத்த பாக்கெட். வாங்கி வந்து காட்டினாள், மஞ்சள் தட்டியிருந்தது. பழைய உளுந்துக்குப் பசை இருக்காது. பாக்கெட் கடல் தாண்டி வந்து, கிடங்கில் கிடந்து, அலமாரிக்கு ஏறுவதற்குள் எத்தனை மாதம் ஆகிறது என்பது பொட்டலம் கட்டிய தேதியைப் பார்த்தால்தான் தெரியும். அதை யாரும் பார்ப்பதில்லை. அப்புறம், மிக்சி சுற்றாமல் நின்றதால் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி அரைத்திருக்கிறாள். கடைசியாக, மாவை எங்கே வைத்தாய் என்றேன். அடுப்பு மேடையில். ராத்திரி வீட்டு ஹீட்டரை 18 டிகிரிக்கு இறக்கிவிடுகிறார்களாம்.

மாவைப் பொங்கவைக்கிற நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகிறவை. 30 டிகிரிப் பக்கம் இருந்தால் மும்முரமாக வேலை செய்யும். 18இல் ஏறக்குறைய முடங்கிவிடும். அவை வெளிவிடுகிற காற்றைப் பிடித்து வைக்க உளுந்தின் பசை வேண்டும். அவளுக்குச் சூடும் இல்லை, பசையும் இல்லை.

அங்கேயே ஆரம்பித்தேன். கிரைண்டர் இருந்தால் நாலுக்கு ஒன்று போடுவேன், அவளிடம் மிக்சிதான் என்பதால் மூன்றுக்கு ஒன்று: மூன்று டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் தோல் நீக்கிய முழு உளுந்து, ஒரு சிறு கரண்டி வெந்தயம். உளுந்தை ஊறவைத்த தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அதையே தெளித்துத் தெளித்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டச் சொன்னேன். ஒரே மூச்சில் ஓட்டினால் மாவு சூடாகிவிடும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். முதலில் அமிழ்ந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியதும் பஞ்சு மாதிரி மிதந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ! அரிசியை மட்டும் சன்ன ரவைப் பதத்தில் நிறுத்தினோம். உப்புப் போட்டுக் கையால் அளைந்தாயிற்று.

இனி சூடு. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, உள்ளே மாவை வைத்துவிடு என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். பழைய குண்டு பல்பு என்றால் சரிதான், மூடிய ஓவனுக்குள் மிதமான சூடு நிற்கும். அவள் வீட்டில் புது ஓவன், எல்.இ.டி. விளக்கு. அது வெளிச்சம் தரும், சூடு தராது. அதனால் விளக்கை மறந்துவிட்டு, ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறையக் கொதிநீர் வைத்து ஓவனை மூடச் சொன்னேன். ஆறினால் மாற்ற வேண்டும். ஓவனையே மூட்டிவிடக் கூடாது, மாவு வெந்துபோகும். ஜாடியில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மாவு நிற்கிற மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிக் கொடுத்தேன். பொங்கியதா இல்லையா என்று அப்போதுதான் சந்தேகமில்லாமல் தெரியும்.

மறுநாள் மத்தியானம் படம் அனுப்பினாள். மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது, கண்ணாடியோரம் முழுக்கக் குமிழி. இத்தோடு நிறுத்திக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடு என்று உடனே போன் செய்தேன். இன்னும் விட்டால் உச்சி குழிந்து, புளித்து, இட்லி தட்டையாகிவிடும். சாயங்காலம் ஒரு டப்பாவில் நாலு இட்லி கொண்டுவந்தாள். முதலாளி ஒன்றைப் பிட்டுச் சாப்பிட்டார். மறுவாரமே மஞ்சள் தட்டிய உளுந்துப் பாக்கெட்டுகளை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் அரைக்கிறேன். மாவு ஜாடி மேடையிலேயே நிற்கிறது, ஆள்கள் வந்து குனிந்து பார்க்கிறார்கள். நம் ஊரில் விடிவதற்குள் தானே பொங்கிவிடும் ஒன்றுக்கு இங்கே இவ்வளவு பாடு. ஆனால் எனக்கு இதில் இருக்கிற மகிழ்ச்சியை உன்னிடம்தான் சொல்ல முடியும். கணக்கு எழுதுகிற வேலை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நீ குன்னூரில் குடியிருந்தபோது டிசம்பரிலும் உன் வீட்டு இட்லி மெத்தென்று இருக்கும். மகாராணி மாதிரி ரகசியத்தைச் சொல்லாமலே வைத்திருந்தாய். அரிசிப் பானைக்குள் மாவுச் சட்டியைப் புதைத்து வைத்தாயா, கம்பளி சுற்றினாயா? அங்கேயும் மூன்றுக்கு ஒன்றுதான் போட்டாயா? பிப்ரவரியிலும் இங்கே குளிர் விடாது, சீக்கிரம் எழுது. அத்தையின் முழங்காலைப் பற்றியும்.

அன்புடன்,
உன் செல்வி