லோபாகினின் இரண்டு சொற்கள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடக மொழிபெயர்ப்பு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாம் அங்கத்தை முடித்துவிட்டேன். அதில் என்னை அதிகம் அலைக்கழித்தது நீண்ட வசனம் எதுவும் அல்ல, ரஷ்ய மொழியில் இரண்டே சொற்கள் கொண்ட ஒரு பதில்.

கடனுக்காக விடப்பட்ட ஏலம் முடிந்து வந்திருக்கும் வணிகன் லோபாகினிடம், தோட்டத்தை வாங்கியது யார் என்று அதன் சொந்தக்காரி ரனேவ்ஸ்கயா கேட்கிறாள். ‘யா கூபில்’ என்கிறான் அவன். உடனே ஒரு மௌனத்தைக் குறிக்கிறார் செகாவ். அருகில் நாற்காலியும் மேசையும் இல்லாவிட்டால் அவள் விழுந்திருப்பாள். அவளுடைய வளர்ப்பு மகள் வார்யா இடுப்பிலிருந்த சாவிகளைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டு வெளியேறுகிறாள்.

முதலில் ‘நான்தான் வாங்கினேன்’ என்று எழுதினேன். பொருளில் பிழையில்லை; ஆனால் செய்தி முதல் சொல்லிலேயே வெளிப்பட்டுவிடுவதால், மிச்சமுள்ள ‘வாங்கினேன்’ முடியும்வரை நடிகை அதிர்ச்சியை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லையேல் அவன் குரலின் மீதே சாய வேண்டும். மேலும், ‘தான்’ என்பதில் ஒரு பெருமிதம் ஒலிக்கிறது. அந்தப் பெருமிதம் மௌனத்துக்குப் பிறகு, தோட்டம் இனி என்னுடையது என்று அவன் கூவும்போதுதான் வெடிக்க வேண்டும். ‘நான்’ என்று மட்டும் சொன்னால், அரங்கில் யாராவது இருமினால் அந்த ஓரசை காணாமற்போகும். ஆகவே ‘வாங்கினது நான்’ என்று மாற்றினேன். கேள்வியின் வினையே பதிலின் தொடக்கமாகிக் காதுகளைத் திருப்புகிறது. ‘நான்’ ஒலித்து அடங்கும் இடத்தில் மௌனம் தொடங்குகிறது.

அடுத்து அவன், தெரிகானவ் என்பவரோடு போட்டியிட்ட ஏலத்தை விவரிக்கிறான். ‘அவர் நாற்பத்தைந்தாயிரம் கேட்டார், நான் ஐம்பத்தைந்தாயிரம் கேட்டேன்’ என்று நிறைவான வாக்கியங்களாக எழுதினால், மூச்சிரைக்க வந்தவன் கணக்குப்பிள்ளையாகிவிடுகிறான். மூலத்தில் அங்கே வினைச்சொல்லே இல்லை. எனவே, ‘கடனுக்கு மேலே முப்பதாயிரம்’ என்று தெரிகானவ் கேட்டதைத் தொடக்கத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன்பின் ஆயிரத்தை அறவே விட்டுவிட்டேன்: ‘நான் நாப்பது. அவன் நாப்பத்தஞ்சு. நான் அம்பத்தஞ்சு. அவன் அஞ்சஞ்சா ஏத்தறான், நான் பத்துப் பத்தா.’ பேச்சு வழக்கைச் சேர்த்தது கொச்சைக்காக அல்ல. ஒவ்வோர் எண்ணும் நாவில் இலகுவாக உருண்டால்தான் அந்த வேகம் பிடிபடுகிறது.

நேர விஷயத்தில் செகாவ் கறாரானவர். 12 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாத ஓர் அங்கத்தை மாஸ்கோ கலை அரங்கில் 40 நிமிடம் இழுக்கிறார்கள் என்று 1904இல் மனைவிக்கு எழுதியிருக்கிறார். நம்மிடம் இன்னோர் ஆபத்தும் உண்டு: வசனம் நீண்டால் நடிகர்கள் அதை விரைந்து பேசுவதில்லை, மௌனங்களைத்தான் வெட்டுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் நின்றுகொண்டு உரக்கப் படித்து, மூலத்தைவிட நீளும் இடங்களில் முதலில் பெயருக்கு முன்னால் அடுக்கப்பட்ட எச்சங்களைத்தான் தேடுகிறேன்.

லோபாகினாக நடிப்பவர் வாசிப்பின்போது தம்மையறியாமல் ‘தான்’ சேர்த்துவிடுகிறார்; பிரதியின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்காம் அங்கம் தயாரானதும் அனுப்புகிறேன். உரக்கப் படித்து, மூச்சு முட்டும் இடங்களில் கோடிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்