குறைமாதக் குழந்தைகளின் கண்ணாடி ஏழு மாதம் காத்திருக்கக் கூடாது: மூன்றாவது மனு

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்

பொருள்: குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பாதிக்கும் ஆர்.ஓ.பி. நோய்க்கு லேசர் செய்த குழந்தைகளுக்குத் தொடர் பரிசோதனையும் கண்ணாடியும் காலத்தோடு கிடைக்கச் செய்ய வேண்டி

மதிப்புக்குரிய அய்யா, வணக்கம்.

மார்ச்சில் ஒரு மனு, ஜூனில் ஒரு மனு கொடுத்தேன். இரண்டும் ஆங்கிலத்தில். பதில் வரவில்லை. நீங்கள் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்று என் மாமனார் சொன்னார், அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பு யூனிட்டிலிருந்து நகரத்துக் கண் மருத்துவமனைக்கு ஒரு கைக்குழந்தையோடு இரண்டு டாக்ஸி மாறிப் போவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகள் 27 வாரத்தில் பிறந்தாள், எடை 940 கிராம். இப்போது வயது 21 மாதம், திருத்திய வயது 18 மாதம்.

1. முதல் கண் பரிசோதனை. 32 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 1,500 கிராமுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்பது நம் தென்னாப்பிரிக்க நாட்டு வழிகாட்டுதல். பிறந்து 4 முதல் 6 வாரத்தில், அல்லது கருவிலிருந்து கணக்கிட்டு 31 முதல் 33 வாரத்தில், இரண்டில் எது பிந்தியதோ அப்போது. என் மகளுக்கு ஐந்தாவது வாரத்தில் நடந்திருக்க வேண்டும். அந்த வாரம்தான் பெரிய மருத்துவமனையில் இடம் இல்லை என்று வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே கண் டாக்டர் இல்லை. பெரிய மருத்துவமனை பார்த்திருக்கும் என்று சிறிய மருத்துவமனையும், சிறிய மருத்துவமனை பார்க்கும் என்று பெரிய மருத்துவமனையும் இருந்துவிட்டன. ஒன்பதாவது வாரத்தில் ஒரு நர்ஸ் அக்கா ரோடு டு ஹெல்த் என்ற குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, "கண் பார்த்தாச்சா?" என்று கேட்டார். அவர் கேட்கவில்லை என்றால் இன்று என் மகளுக்குப் பார்வையே இருந்திருக்காது. இரண்டு கண்ணிலும் ஆர்.ஓ.பி. மூன்றாம் நிலை, இரத்தக் குழாய்கள் புடைத்து முறுக்கிக்கொண்டிருந்தன. இந்த நிலைக்கு வந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் சிகிச்சை செய்தாக வேண்டும். மறுநாளே லேசர் செய்தார்கள். அந்த டாக்டர்களுக்கு நாங்கள் எப்போதும் கடமைப்பட்டவர்கள்.

2. லேசரோடு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். அப்படி இல்லை. இந்தக் குழந்தைகளின் கண்ணின் முன்பகுதி சரியாக வளராமல் கருவிழி அதிகமாக வளைந்தும் லென்ஸ் தடித்தும் போய்விடுகிறது, அதனால் சிறு வயதிலேயே கடுமையான கிட்டப்பார்வை வருகிறது என்று டாக்டர் விளக்கினார். மாறுகண்ணும் வரலாம். லேசர் தேவைப்படாத குறைமாதக் குழந்தைகளுக்கும் இது மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் ஒரு வயதுக்குள் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாவை விரிந்த பிறகு, கண்ணுக்குள் ஒளியை ஆட்டிப் பார்த்துப் பவரை அளக்கிறார்கள். குழந்தை ஒரு எழுத்தும் சொல்ல வேண்டாம், இவ்வளவு சிறியவளுக்கும் துல்லியமாகவே அளக்கலாம். டிசம்பரில் அளந்தார்கள். வலது கண் மைனஸ் 9, இடது கண் மைனஸ் 4.

3. அய்யா, என் மனு முழுக்க இந்த இடம்தான். மைனஸ் 9 என்றால் கண்ணாடி இல்லாமல் அந்தக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது 11 சென்டிமீட்டர் வரை. மைனஸ் 4 கண்ணுக்கு 25 சென்டிமீட்டர் வரை. அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். என் மகள் கரண்டியை மூக்கில் இடிக்கிற அளவு கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். நான் அறைக்குள் வந்தால் முகத்தைப் பார்த்துத் திரும்ப மாட்டாள், குரல் கேட்டால்தான் திரும்புவாள். வாசற்படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் மூன்று முறை விழுந்தாள், நெற்றியில் தழும்பு இருக்கிறது. மங்கல்கூடப் பரவாயில்லை, கண்ணாடி வந்தால் தெளிந்துவிடும். இரண்டு கண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதுதான் ஆபத்து. மூளை தெளிவான இடது கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வலது கண்ணை ஒதுக்க ஆரம்பிக்கிறது. சோம்பேறிக் கண் என்கிறார்கள். அந்தக் கண் உள்பக்கம் திரும்பத் தொடங்கியதை மார்ச் மாதமே போட்டோவில் பார்த்தேன். முதல் மனுவோடு அந்தப் போட்டோவை இணைத்திருந்தேன், நீங்கள் பார்த்தீர்களா?

நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி, மற்றதை வேலை செய்ய வைக்கலாம். ஆனால் கண்ணாடி போட்ட பிறகுதான் அதற்குப் பலன், மங்கலான கண்ணை மட்டும் திறந்து வைத்து என்ன பயன் என்று டாக்டர் சொன்னார். ஆக எல்லாமே கண்ணாடிக்காகக் காத்திருந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். போன் செய்தால் "ஆர்டர் போயிருக்கிறது". ஏப்ரல், மே, ஜூன். நேரில் போனால் "பட்டியலில் இருக்கிறது". கண்ணாடி வந்தது ஜூலையில். ஏழு மாதம்! அதுவும் பள்ளிப் பிள்ளைக்கான பிரேம். ஒரு வயதுக் குழந்தைக்கு மூக்குத் தண்டே எழும்பியிருக்காது, அது வழுக்கி வாய்க்கு வந்துவிடும். தலைக்குப் பின்னால் நாடா கட்டுகிற மெத்தென்ற சின்ன பிரேம்தான் நிற்கும். நானே எலாஸ்டிக் தைத்துக் கட்டினேன். அதே மாதம் திரும்ப அளந்தார்கள், வலது மைனஸ் 11, இடது மைனஸ் நாலரை. வந்த அன்றே அது பழைய கண்ணாடி. அதை மாட்டினால் இடது கண்ணுக்கு இரண்டு மீட்டர் வரை தெளிவு, வலது கண்ணுக்கு அரை மீட்டர்தான். பின்னே அவள் எந்தக் கண்ணால் பார்ப்பாள்? புதிய லென்சுக்குச் சீட்டு எழுதி இது செப்டம்பர், மூன்றாவது மாதம். முதியவர்களின் வாசிப்புக் கண்ணாடி ஆறு மாதம் தள்ளிப் போனால் அவர்கள் ஆறு மாதம் கழித்துப் படிப்பார்கள், அவர்களுக்கும் கஷ்டம்தான், ஆனால் பார்வை அங்கேயே இருக்கும். பார்க்கக் கற்றுக்கொள்கிற வயதில் இருக்கும் குழந்தையை அதே வரிசையில் நிறுத்தலாமா? வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். விலை கேட்டோம், என் கணவரின் ஒரு மாதச் சம்பளம், இந்த வயதில் பவர் மாற மாற லென்ஸும் மாற்ற வேண்டும்.

4. அந்தக் காத்திருப்பு அறையில் இதே கதையோடு இன்னும் நான்கு தாய்மாரைப் பார்த்தேன். இருவர் ஜூலு பேசுபவர்கள், ஒருவர் உம்லாசியிலிருந்து வருகிறார். இது என் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கண் பரிசோதனைத் தேதியும், அதை எந்த மருத்துவமனை செய்யும் என்பதும் புத்தகத்தில் எழுதாமல் எந்தக் குறைமாதக் குழந்தையையும் வேறு இடத்துக்கு மாற்றவோ வீட்டுக்கு அனுப்பவோ வேண்டாம். ஆர்.ஓ.பி. குழந்தைகளின் கண்ணாடிச் சீட்டைத் தனி வரிசையில் வைத்து நான்கு வாரத்துக்குள் கொடுங்கள். சின்ன பிரேம் சில அளவுகளில் கையிருப்பு வையுங்கள். அப்புறம், வளர்ச்சிப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் ஒரே நாளில் வைத்தால் எங்களுக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும்.

தயவுசெய்து அய்யா, மற்றதெல்லாம் ஆற அமரச் செய்யுங்கள், அந்தக் கண்ணாடி வரிசையை மட்டும் இப்போதே பாருங்கள். அக்டோபர் முதல் வாரம் என் மகளுக்கு மறு பரிசோதனை. ஒட்டுப் போட ஆரம்பிக்கலாமா என்று அன்று முடிவு செய்வார்கள். அதற்குள் மைனஸ் 11 லென்ஸ் வர வேண்டும். ஜூலைச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்
சாட்ஸ்வொர்த், டர்பன்