மாலதிக்கு, நித்யாவின் விசா பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும் நித்யாவுக்கு வந்த பிரிட்டன் மாணவர் விசா மறுப்புக் கடிதத்தின் நகலும் கிடைத்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் இந்தக் காகிதங்கள் என்னை விடுவதாக இல்லை. பழைய பழக்கம், முதல் பக்கத்தை விட்டுவிட்டு காரணம் எழுதியிருக்கும் பத்தியைத்தான் முதலில் படித்தேன்.

டெபாசிட்டைத் திரும்பக் கேட்கட்டுமா என்று முதல் வரியிலேயே கேட்டிருக்கிறாய். வேண்டாம், இப்போது கேட்காதே. பெரும்பாலான பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் பணத்தைத் திரும்பக் கேட்டால் இடத்தையும் விட்டுக்கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இடம் கையில் இருக்கட்டும். காரணத்தைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம்.

அவளுக்கு வந்திருக்கும் காரணம் லேசானதுதான். காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 28 நாள், ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். நீங்கள் கொடுத்தது ஆகஸ்ட் 3 வரையிலான ஸ்டேட்மென்ட். பின்னோக்கி எண்ணினால் ஜூலை 7-க்குப் போகிறது. ஜூலை 10-ஆம் தேதி நீ பணம் எடுத்திருக்கிறாய், 12-ஆம் தேதி திரும்பப் போட்டிருக்கிறாய். நடுவில் இரண்டு நாள் தொகை குறைந்துவிட்டது. ஒரு நாள் குறைந்தாலும் மறுப்புதான், அதிகாரிக்கு அங்கே இரக்கம் காட்ட இடமில்லை.

ஆனால் ஜூலை 12-இலிருந்து எண்ணிப் பார். ஆகஸ்ட் 8-ஆம் தேதியோடு 28 நாள் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு கணக்கைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இந்த வாரமே புது ஸ்டேட்மென்ட் எடுத்துவிடலாம். அதன் கடைசித் தேதிக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். விசா கையில் வரும்வரை அந்தப் பணத்தை மறந்துவிடு.

மறுபரிசீலனை கேட்கலாம் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது அதிகாரி தவறு செய்திருந்தால்தான் பயன்படும். அதில் புது ஆவணத்தைச் சேர்க்கவும் பொதுவாக விடமாட்டார்கள். நீங்கள் கொடுத்த காகிதத்தின்படி அவர் எழுதியது சரி. அதனால் புது விண்ணப்பம்தான் வழி.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் காஸ், அதாவது சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் எண். ஒரு விண்ணப்பத்துக்குப் பயன்படுத்திய காஸ் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, பல்கலைக்கழகம் புதிதாகத் தர வேண்டும். மறுப்பு விகிதம் கூடினால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அவர்களுக்கு இருக்கும் ஸ்பான்சர் உரிமத்துக்கே ஆபத்து என்பதால், இரண்டாம் முறை தரும்போது யோசிப்பார்கள். ‘தயவுசெய்து’ என்று உருகி எழுதினால் வேலைக்காகாது. மறுப்புக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும், புது ஸ்டேட்மென்ட்டையும், நான் மேலே போட்ட தேதிக் கணக்கையும் நித்யாவே சேர்த்து அனுப்பட்டும். குறை எங்கே, அது எப்படித் தீர்ந்தது என்று நான்கு வரி போதும்.

அதே மின்னஞ்சலில் வகுப்பில் சேர்வதற்கான கடைசித் தேதியையும் கேட்கச் சொல். பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தால் முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். காஸ் வர ஒரு வாரம் என்று வைத்துக்கொள். கடைசித் தேதி செப்டம்பர் இறுதி என்றால் மூச்சு முட்டும். அக்டோபர் முதல் வாரம் வரை விடுவார்கள் என்றால், கூடுதல் கட்டணம் கட்டி விரைவுச் சேவை எடுத்து முயலலாம்.

நேரம் போதாதென்றால் டெஃபர் செய்வதே, அதாவது சேர்க்கையைத் தள்ளிப்போடுவதே மேல். அவசரத்தில் இன்னொரு மறுப்பு வாங்குவதைவிட ஜனவரியிலோ அடுத்த செப்டம்பரிலோ சேரலாம். அவள் படிப்பு ஜனவரியிலும் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள், எல்லாப் படிப்பும் தொடங்குவதில்லை. டெஃபருக்கு ஒப்புக்கொள்ளும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கு: டெபாசிட் அப்படியே அடுத்த பருவத்துக்குப் போகுமா, உதவித்தொகையும் கூடவே வருமா, பிறகும் விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. விசா மறுப்பைக் காட்டிப் பணம் கேட்கச் சில இடங்களில் காலக்கெடு உண்டு, டெஃபர் செய்தபின் அது கைநழுவிவிடும். காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும் என்பதையும் மனதில் வை.

விசாக் கட்டணம் திரும்பாது. மருத்துவ வரியாகக் கட்டியது மறுப்புக்குப் பிறகு தானாகவே வந்துவிடும், அதற்காக யாரிடமும் காசு கொடுத்து விண்ணப்பிக்காதே.

புது விண்ணப்பத்தில் ‘முன்பு விசா மறுக்கப்பட்டதா’ என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றே போட வேண்டும். ஏஜென்ட் நிரப்பினாலும் அனுப்பும் முன் நித்யா தன் கண்ணால் பார்க்கட்டும். பணக்குறை மறுப்பை அடுத்த முறை சரிசெய்யலாம், ஆனால் அதை மறைத்தால் ஏமாற்று வேலை என்று பத்து வருடம் வரை கதவைச் சாத்திவிடுவார்கள்.

நித்யா எழுதும் மின்னஞ்சலை அனுப்பும் முன் எனக்குக் காட்டு. ஸ்டேட்மென்ட்டும் கூட வரட்டும், தேதிகளை நானும் ஒருமுறை எண்ணிவிடுகிறேன்.

அன்புடன்,
கல்யாணி