குடோன் ஷீட்டும் மார்த்தாண்டத்து மனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பங்குச் சந்தை வருமானத்துக்கான வரி பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி எனக்கு உறுத்தியது. 'பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் வியாபார வருமானம், அதைத் தாண்டினால் மூலதன ஆதாயம்' என்று எழுதியிருக்கிறார்கள். தக்கலையில் பல வருடமாக வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். ஜூலை மாதம் வந்தால் பாதிப்பேர் இதே நினைப்போடுதான் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

பன்னிரண்டு மாதம் என்ற கோடு, மூலதன ஆதாயத்துக்குள்ளேயே குறுகிய காலம், நீண்ட காலம் என்று பிரிப்பதற்காகப் போட்டது. ஒரு லாபம் வியாபாரமா, முதலீடா என்பது அதற்கு முந்தைய கேள்வி. சட்டத்தில் மூலதனச் சொத்து என்ன என்று சொல்லும் இடத்திலேயே, வியாபாரத்துக்காக வைத்திருக்கும் சரக்கு அதில் சேராது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பங்கு உங்கள் கையில் சரக்கா, சொத்தா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கருங்கல் பக்கத்திலிருந்து வரும் ஒருவர், தோட்டக்காரர்களிடம் ரப்பர் ஷீட் எடுத்துக் கம்பெனிகளுக்கு விற்பவர். மார்த்தாண்டத்தில் ஒரு மனையும் வாங்கிப் போட்டிருக்கிறார். 2025-26 கணக்கோடு வந்தபோது, பங்கு விஷயத்தை எல்லாம் ஒரே தாளில் கூட்டிக் கழித்து எழுதி வைத்திருந்தார். டெலிவரி எடுத்து விற்றதில் 2 லட்சம் லாபம். அன்றன்றே வாங்கி விற்ற இன்ட்ராடேயில் 60,000 நஷ்டம். ஆக 1,40,000 குறுகிய கால ஆதாயம், 20 சதவீதம் கட்டினால் முடிந்தது என்றார். தனியாக, நாலு வருடத்துக்கு முன் வாங்கிய பழைய பங்கை விற்றதில் 90,000 லாபம்.

"மூணையும் ஒண்ணாச் சேர்க்க முடியாது அண்ணே" என்றேன்.

"எல்லாம் ஒரே ஆப்புல தானே சாரே நடக்கு?"

ஷீட்டு விலை ஏறும் என்று ஆறு மாதம் குடோனில் அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அது சொத்தாகிவிடுமா என்று கேட்டேன். இல்லை, சரக்குதான் என்றார். ரெண்டு வருடம் கிடந்தால்? அப்போதும் சரக்குதான், பூசணம் பிடித்த சரக்கு என்று சிரித்தார். அந்த மனையை நாளைக்கே விற்றாலும் அவர் மனை வியாபாரி ஆகிவிட மாட்டார் என்பதும் அவருக்கு உடனே புரிந்தது.

நம் உச்ச நீதிமன்றம் இதைப் பங்குகளுக்கு வெளியே, நிலத்தை வைத்தே சொல்லியிருக்கிறது. ஜி. வெங்கடசாமி நாயுடு நிறுவனத்தின் வழக்கு அது. 1959-ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு மில்லை நிர்வகித்து வந்த அந்த நிறுவனம், மில்லை ஒட்டிய நாலு நிலத்துண்டுகளை 1941, 42-இல் ஏறத்தாழ 8,700 ரூபாய்க்கு வாங்கி, 1947-இல் அந்த மில்லுக்கே 52,600 ரூபாய்க்கு விற்றது. நடுவே அஞ்சு வருடம். பயிர் செய்யவும் முயலவில்லை, கட்டடம் கட்டவும் இல்லை. மில்லுக்கு விற்று லாபம் பார்க்கத்தான் வாங்கினார்கள் என்று முடிவு செய்து, இது வியாபாரத் தன்மை கொண்ட செயல் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அஞ்சு வருடம் வைத்திருந்தும் வியாபாரம்! எந்த ஒரு அளவுகோலும் தனியாக நின்று முடிவு செய்யாது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்புத்தான்.

சரி, கருங்கல்காரருக்கு வருவோம். டெலிவரி என்று அவர் எழுதியதைப் புரோக்கர் அனுப்பிய அறிக்கையோடு வைத்துப் பார்த்தேன். வருடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கொள்முதல், விற்பனை. பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்தில் கை மாறியவை. பணத்தில் ஒரு பங்கு கடையின் ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்தது. டிவிடெண்டு என்று ஒரு ரூபாய்கூட வரவில்லை; அதற்காக அவர் காத்திருக்கவும் இல்லை. இதைச் சரக்கு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அந்தப் புரோக்கர் அறிக்கையின் தலைப்பில் 'குறுகிய கால ஆதாயம்' என்றுதான் அச்சடித்திருந்தது. அது நாட்களை மட்டும் எண்ணிப் போட்ட தலைப்பு, நம் நோக்கம் அதற்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், வியாபாரம் என்று காட்டியதில் அவருக்கு லாபம்தான். கடை வருமானம் 5 லட்சம், இது 2 லட்சம், ஆக 7 லட்சம். புதிய வரி முறையில் இதற்கு 15,000 வரி வரும். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் அது முழுவதும் போய்விடும். இதே 2 லட்சத்தைக் குறுகிய கால ஆதாயமாகக் காட்டியிருந்தால், தனி விகிதத்தில் வரும் அந்த வரிக்குத் தள்ளுபடி கிடையாது. 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்ந்து 41,600 கட்டியிருப்பார். வருடம் 24 லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவருக்கு இது அப்படியே தலைகீழ். வியாபாரம் என்றால் அதே 2 லட்சத்துக்கு 62,400 போகும்.

பழைய பங்கின் 90,000-க்கு வரி இல்லை, 1,25,000 வரை விலக்கு உண்டு. வியாபாரம் செய்பவர் முதலீடாகவும் தனியே பங்கு வைத்திருக்கலாம் என்று வரி வாரியத்தின் 2007 சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் ரெண்டையும் ஒரே டீமேட்டில் போட்டுக் குழப்பினால் எது எது என்று காட்டுவது சிரமம். அடுத்த வருடம் தனி டீமேட் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு மனசே கேட்காதது அந்த 60,000 நஷ்டம். டெலிவரி எடுக்காத இன்ட்ராடே, சட்டப்படி ஊக வணிகம். இங்கே நோக்கம், எண்ணிக்கை எதையும் பார்ப்பதில்லை. அந்த நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். ஷீட்டுக் கடை லாபத்திலோ டெலிவரி லாபத்திலோ கழிக்க முடியாது. நாலு வருடம் தூக்கிச் செல்லலாம், அதுவும் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால்தான். (எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர ஒப்பந்த வியாபாரம் வேறு. அங்கீகாரம் பெற்ற சந்தையில் நடந்தால் அது சாதாரண வியாபாரமாகவே கருதப்படும்.) படிவம் ITR-3.

வரி குறைவாக வரும் பக்கம் வருடா வருடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். அதே வாரியத்தின் 2016 சுற்றறிக்கையின்படி, சரக்கு என்று நாமே காட்டினால் எத்தனை நாள் வைத்திருந்தாலும் துறை ஏற்றுக்கொள்ளும். பட்டியலிட்ட பங்கைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்து மூலதன ஆதாயம் என்று காட்டினாலும் அதிகாரி மறுக்கக் கூடாது. ஆனால் அந்த நிலைப்பாட்டைப் பிறகு மாற்ற முடியாது. கட்டுரையாளர் இதைத்தான் பாதி படித்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றுகிறது. பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவானதை முதலீடு என்று காட்டினால், அதிகாரி நம் நடவடிக்கைகளைப் பார்த்து முடிவு செய்வார். போன வருடம் வியாபாரம், இந்த வருடம் முதலீடு என்று தாவினால் அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. இந்தப் பாகுபாடு அப்படியே இருக்கிறது. கட்டுரையின் அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் போட்டால், அதைக் கத்தரித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
வரிக்கணக்கு எழுதும் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்