ஒரு ஸ்கூப்பில் எவ்வளவு கஃபீன்? டப்பாவின் முன்பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்துக்கு,

வணக்கம். ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் உடற்பயிற்சிக்கு முன்னால் கலக்கிக் குடிக்கும் ப்ரீ-ஒர்க்கவுட் பவுடரைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன மாதம் என் தம்பி அதைக் குடித்துவிட்டு, ஜிம்மிலேயே நெஞ்சு படபடக்க, கை நடுங்க உட்கார்ந்துவிட்டான். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு கஃபீன் உள்ளே போயிருக்கு?" டப்பா என் கையில்தான் இருந்தது. அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நானும் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. தம்பி இரவே வீடு திரும்பிவிட்டான்.

அந்த லேபிளில் இருந்ததைச் சொல்கிறேன். ஒரு சர்விங் என்பது ஒரு ஸ்கூப், 12 கிராம். அட்டவணையில் 'கஃபீன் அன்ஹைட்ரஸ் 200 மி.கி.' என்று ஒரு வரி. எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள், தம்பியும் அங்கேதான் நின்றான். நான்கு வரி தள்ளி 'டைகஃபீன் மாலேட் 100 மி.கி.' இது கஃபீனும் மாலிக் அமிலமும் சேர்ந்தது, சுமார் முக்கால் பங்கு கஃபீன், ஆக 75. இன்னும் கீழே, மூலிகைப் பெயர்களுக்கு நடுவில், 'குவாரானா விதைச் சாறு 250 மி.கி. (22% கஃபீன்)'. அதில் ஒரு 55. மூன்றையும் கூட்டினால் 330. ஆனால் 330 என்ற எண் டப்பாவில் எங்குமே இல்லை.

அப்புறம் ஸ்கூப். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கத்தியால் மட்டம் தட்டினால் 12 கிராம்தான், அதில் குறை சொல்ல முடியாது. தம்பி அள்ளுவது போலக் குவித்து அள்ளினால் 16. கணக்குப் போட்டால் 440 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்கச் சேர்த்தே 400 வரை என்பதுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பும் சொல்லும் அளவு, ஒரே வேளைக்கு 200 என்கிறது ஐரோப்பா. இவன் காலையில் குடித்த இரண்டு காபியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதனால் கேட்பது இதுதான்: மட்டமான ஒரு ஸ்கூப்பில், எல்லா மூலத்திலிருந்தும் சேர்த்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் கஃபீன் என்பதை டப்பாவின் முன்பக்கத்தில் ஒரே எண்ணாகப் போடச் சொல்லுங்கள்.

கஃபீன் கலந்த குளிர்பானத்துக்கு லிட்டருக்கு 300 மில்லிகிராம்தான் உச்சம் என்று வரம்பு வைத்தவர்கள் நீங்கள்தானே. 250 மில்லி கேனில் அதிகபட்சம் 75. அதிலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று எழுத வைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். தம்பியின் ஒரு மட்ட ஸ்கூப் அப்படிப்பட்ட நான்கு கேனுக்கும் மேல். அதே தெளிவு இந்த டப்பாவுக்கும் வேண்டாமா?

வெளிநாட்டு டப்பாக்கள் இன்னும் மோசம். 'ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்' என்று ஒரு பெயர் வைத்து, கலவையின் மொத்த எடையை மட்டும் போட்டு, உள்ளே எது எவ்வளவு என்று சொல்லாமல் விட அமெரிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. எடை அதிகமானது முதலில் என்ற வரிசை மட்டும் தெரியும், அதை வைத்து யாரும் மில்லிகிராமைக் கண்டுபிடிக்க முடியாது. கர்ஜிக்கிற சிங்கத்துக்கும் மின்னலுக்கும் டப்பாவில் தாராளமாக இடம் இருக்கிறது, கஃபீனுக்குத்தான் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது. ஒருவேளை சிங்கத்தின் பல்லை எண்ணினால் மில்லிகிராம் தெரியுமோ என்னவோ!

'வாங்குகிறவர் அளந்து குடிக்கட்டும்' என்று யாராவது சொல்வார்கள். 2021இல் வேல்ஸில் ஓர் உடற்பயிற்சியாளர் தனிக் கஃபீன் பவுடரைத் தராசில் நிறுத்துக் குடித்து இறந்துபோனார். எடுக்க வேண்டியது அதிகபட்சம் 300 மில்லிகிராம், அவருடைய தராசோ 2 கிராமிலிருந்துதான் எடை காட்டும். மில்லிகிராம் கணக்கை வீட்டுத் தராசில் விட முடியாது.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பவுடரைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மட்ட ஸ்கூப்புக்கு மொத்தக் கஃபீன், ஒரே எண், முன்பக்கத்தில். பக்கத்திலேயே 'குவித்து அள்ளாதீர்கள்' என்று ஒரு வரி, தமிழிலும் இருந்தால் புண்ணியமாகப் போகும். பழைய டப்பாக்கள் விற்றுத் தீர நிறுவனங்களுக்கு அவகாசம் வேண்டுமென்றால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் எந்தத் தேதிக்குள் என்பதைத் தயவுசெய்து எங்களுக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜிம் பையனின் அண்ணன்