இன்வெர்ட்டருக்கு ஜெனரேட்டர் கம்பி வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை மின்வெட்டைச் சமாளிக்க எந்த அளவு இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தனி வீட்டில் இருப்பவருக்கு அது நிச்சயம் பயன்படும். ஆனால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கமெல்லாம் பழைய வீடுகளை இடித்துவிட்டு மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருக்கின்றன. அங்கே ஒருவர் வீட்டு இன்வெர்ட்டர் எல்லாருக்கும் பொதுவான ஜெனரேட்டரைப் பாதிக்கிறது. கட்டுரை இதைத் தொடவே இல்லை. மின் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பதினெட்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கச் செயலாளர். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேட்டரிக் கணக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,800 வாட் மணி இருக்கிறது, எனவே 300 வாட் சுமைக்கு ஆறு மணி நேரம் வரும் என்று கட்டுரையில் இருந்தது. பெருக்கல் சரிதான், நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. பேட்டரியை அடிவரை வடித்தால் அதன் ஆயுள் குறையும். மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும்போது இன்வெர்ட்டரும் ஒரு பங்கை வெப்பமாக இழக்கிறது. நல்ல பேட்டரியாக இருந்தாலும் மூன்றரை, நான்கு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அதைவிட முக்கியமானது, காலியான பேட்டரி மீண்டும் நிரம்ப ஆகும் நேரம். வீட்டு இன்வெர்ட்டர்கள் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியரில்தான் சார்ஜ் செய்யும். அப்படியானால் முழுதாக நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு பத்து மணிக்கு ஒருமுறையும் விடியற்காலை மூன்று மணிக்கு ஒருமுறையும் மின்சாரம் நின்றால், இரண்டாவது முறை பேட்டரி பாதி நிரம்பியிருந்தாலே பெரிய விஷயம். "புது பேட்டரி, அதற்குள் போய்விட்டது" என்று எங்கள் குடியிருப்பில் வருத்தப்பட்ட பலரின் பேட்டரியில் பழுதே இல்லை. நிரம்ப நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களுக்கு நான் பெரிய பேட்டரி வாங்கச் சொல்வதில்லை, மின்விசிறியை மாற்றச் சொல்கிறேன். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ளது முழு வேகத்தில் 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். அதே பேட்டரியில் ஓடும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும்.

இனி நான் எழுத வந்த விஷயம். எங்கள் குடியிருப்பில் 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருக்கிறது. அதிலிருந்து 12 கிலோவாட் வரை எடுக்கலாம். லிப்ட் மோட்டார் 5 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோவாட். தண்ணீர் மோட்டார் ஒன்றரை கிலோவாட். படிக்கட்டு, வாகன நிறுத்தம், வாசல் விளக்குகளுக்கு 0.3. வீட்டுக்கு 300 வாட் வீதம் பதினெட்டு வீடுகளுக்கு 5.4. எல்லாம் சேர்ந்து 10.9 கிலோவாட். இயந்திரம் தாங்கிவிடும் என்றுதான் தோன்றும். அப்படியிருந்தும் லிப்ட் கிளம்பும்போதெல்லாம் விளக்குகள் மங்கின, எஞ்சின் சத்தம் திணறியது, சில இரவுகளில் மெயின் பிரேக்கரே விழுந்தது. ஜெனரேட்டர் சிறியது, பெரியதாக மாற்ற வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டது. பெரியதாக மாற்றுவது சில லட்ச ரூபாய் விவகாரம். எங்கள் பகுதியில் வாடகைக்கு இருப்பவர்களும் ஓய்வூதியத்தில் வாழ்பவர்களும் அதிகம். அந்தப் பணத்தை அவர்களிடம் எப்படிக் கேட்பது?

காரணம் எட்டு வீடுகளில் இருந்தது. அந்த எட்டிலும் இன்வெர்ட்டர் உண்டு. ஜெனரேட்டர் கம்பியை இழுத்தபோது, அதை வீட்டின் விளக்கு, மின்விசிறி இணைப்புக்கு முன்னால், இன்வெர்ட்டரின் உள்ளீட்டிலேயே சேர்த்திருந்தார்கள். உள்ளே வரும் மின்சாரம் தெருவிலிருந்து வருகிறதா, கீழே ஓடும் ஜெனரேட்டரிலிருந்து வருகிறதா என்று இன்வெர்ட்டருக்குத் தெரியாது. மின்சாரம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு உடனே பேட்டரியை நிரப்பத் தொடங்கிவிடும். வடிந்த பேட்டரி ஒன்று நிரம்பும்போது 250 வாட் வரை இழுக்கும். எட்டு வீடுகளுக்கு 2 கிலோவாட். 10.9 உடன் 2 சேர்ந்தால் 12.9. அதற்கு மேல், லிப்ட் மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும். இயந்திரம் திணறாமல் என்ன செய்யும்?

டீசலை எரித்து மின்சாரமாக்கி, அதைப் பேட்டரிக்குள் அடைத்து, பிறகு மறுபடி எடுத்து மின்விசிறி சுற்றுவதில் ஒவ்வொரு படியிலும் இழப்பு இருக்கிறது. அந்த டீசலுக்கு இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்காரரும் பணம் கொடுக்கிறார். இது அநியாயம் என்பதே என் கருத்து.

இதைக் கண்டுபிடிக்க எலெக்ட்ரீஷியன் கூடத் தேவையில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் முகப்பைப் பாருங்கள். மெயின்ஸ் விளக்கோ சார்ஜிங் விளக்கோ எரிந்தால் இணைப்பு தவறு. பேட்டரியில் ஓடுவதைக் காட்டும் விளக்கு எரிந்தால் சரி. இன்வெர்ட்டரின் உள்ளீடு தெரு மின்சாரத்திலிருந்து மட்டுமே வர வேண்டும். ஜெனரேட்டர் கம்பி வேண்டுமானால் அது தனிப் பாயிண்டுக்குப் போக வேண்டும்.

அதன் பிறகு எங்கள் சங்கக் கூட்டத்தில் சூடான வாக்குவாதம் எழுந்தது. "எங்களுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது, ஜெனரேட்டர் கம்பியே வேண்டாம், டீசலுக்குப் பணமும் தர மாட்டோம்" என்றார்கள் அந்த எட்டு வீட்டாரில் சிலர். "லிப்டில் ஏறுகிறீர்களே, தண்ணீர் வருகிறதே" என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் செலவை இரண்டாகப் பிரித்தோம். ஜெனரேட்டரிலிருந்து பொது இணைப்புக்கு ஒரு மீட்டர், வீடுகளுக்குப் போகும் இணைப்புக்கு ஒரு மீட்டர். பொது இணைப்பின் பங்கு பதினெட்டு வீட்டுக்கும் சமம். வீட்டு இணைப்பின் பங்கு அதை எடுப்பவர்களுக்கு மட்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மாதத்தில் ஜெனரேட்டர் 20 மணி நேரம் ஓடி 40 லிட்டர் டீசல் எரித்தது, லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 3,680 ரூபாய். மீட்டரில் பொது இணைப்பு 40 யூனிட், வீட்டு இணைப்பு 60 யூனிட் காட்டுகிறது. பொதுப் பங்கு 1,472 ரூபாய், வீட்டுக்குச் சுமார் 82. மீதி 2,208 ரூபாயை இன்வெர்ட்டர் இல்லாத பத்து வீடுகள் பகிர்ந்தால் தலைக்குச் சுமார் 221. ஆக, இன்வெர்ட்டர் வீட்டுக்கு 82 ரூபாய், ஜெனரேட்டர் எடுக்கும் வீட்டுக்கு 303 ரூபாய். முன்பு போல் எல்லாருக்கும் சமமாகப் போட்டிருந்தால் ஆளுக்கு 204 வந்திருக்கும். 303 ரூபாய் கொடுப்பவர் பேட்டரிக்கென்று பெருந்தொகை எதுவும் போடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றுவது, சர்வீஸ் செய்வது போன்ற செலவுகள் மட்டும் எல்லாருக்கும் சமம், லிப்ட் எல்லாருக்கும் சொந்தமானதால்.

ஜெனரேட்டர் எடுக்கும் பத்து வீடுகளுக்கும் அளவுக்கு மேல் எடுத்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 2 ஆம்பியர் எம்.சி.பி.யை மீட்டர் அறையில் பொருத்தினோம். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 460 வாட். மூன்று மின்விசிறி, நான்கு விளக்கு, வைஃபை, தொலைக்காட்சி தாராளமாக ஓடும். குளிர்சாதனப் பெட்டிக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் வரை உள்ளே குளிர் நிற்கும் என்று சொல்லி மறுத்துவிட்டோம். தண்ணீர் மோட்டார் ஜெனரேட்டரில் ஓடும்போது லிப்டை நிறுத்திவைக்கிறோம். அதைக் காவலாளி பார்த்துக்கொள்கிறார்.

இன்னொரு மாற்றத்தையும் மற்ற சங்கங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நள்ளிரவுக்குப் பிறகு படிக்கட்டு விளக்குக்காக மட்டும் 15 கே.வி.ஏ. இயந்திரத்தை ஓட்டுவது வீண். மிகக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடும் டீசல் எஞ்சினில் எரிபொருள் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். படிக்கட்டில் இருப்பது 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் எட்டு, மொத்தம் 72 வாட். அதற்கு ஒரு சிறிய இன்வெர்ட்டர் போதும். யாருக்காவது லிப்ட் தேவைப்பட்டால் மட்டும் அந்த நேரத்தில் ஜெனரேட்டரைப் போடுகிறோம். தூங்கும் குழந்தைகளுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் அந்தச் சத்தம் குறைந்தது பெரிய நிம்மதி.

கடைசியாக ஒன்று. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. தரைத்தளக் கடைகளிலும் சில வீடுகளிலும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கி, இரண்டு முனையிலும் பிளக் வைத்த கம்பியால் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் செருகி வீடு முழுதும் மின்சாரம் எடுக்கிறார்கள். மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருவிலுள்ள பில்லர் பாக்ஸுக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்தால் 11,000 வோல்ட்டாக உயரும். அந்த நேரத்தில் கேபிள் பழுதைப் பார்க்க இறங்கியிருக்கும் ஊழியருக்கு அந்த லைன் செத்த லைன் என்றுதான் தெரியும். தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேர முடியாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் ஜெனரேட்டர் இணைப்பு இருக்கக் கூடாது. மூடிய வாகன நிறுத்தத்திலும் பால்கனியிலும் அதை ஓட்டவும் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இரண்டு கடைகள் இருக்கின்றன. அடுத்த மாதப் பொதுக்குழுவில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் விதியை முன்வைக்கிறேன். அதற்குள் தங்கள் இதழில் இது வெளியானால், கூட்டத்தில் அந்தப் பக்கத்தையே படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81