உமைக்கு இரண்டு குறிப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக் கலைக்கூடங்களில் சிலைகளுக்கும் ஓவியங்களுக்கும் அருகே ஆங்கிலக் குறிப்போடு தமிழ்க் குறிப்பும் இடம்பெறத் தொடங்கியிருப்பதை வரவேற்று ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தமிழை யாராவது கடைசி வரி வரை படிக்கிறார்களா என்று ஓரமாக நின்று பாருங்கள். இரண்டாம் வரியிலேயே கண் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. தமிழ் மட்டும் தெரிந்தவர் அடுத்த சிலைக்கு நகர்ந்துவிடுகிறார். இத்தகைய குறிப்புகளைச் சில ஆண்டுகளாக எழுதித் தருகிறவள் நான். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஒரு வெண்கல உமையை வைத்துச் சொல்கிறேன். ஒரு கண்காட்சிக்காக அறுபது சொல்லில் ஆங்கிலக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. நாளை மாலைக்குள் தமிழாக்கம் வேண்டும் என்றார்கள். சிலையை நான் பார்க்கவில்லை. "இது சிவபெருமானின் துணைவியான பார்வதியின் ஒரு வெண்கலச் சிற்பமாகும். இது ஊர்வலங்களின்போது எடுத்துச் செல்லப்படுவதற்காக இழந்த மெழுகு முறையின் மூலம் உருவாக்கப்பட்டது" என்று தொடங்கி எழுதி அனுப்பினேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பார்வதி யார் என்று தமிழ்நாட்டில் யாருக்குச் சொல்கிறேன்? "ஊர்வலங்களின்போது எடுத்துச் செல்லப்படுவதற்காக" என்று நான் இழுத்ததற்கு நம்மிடம் 'உற்சவர்' என்ற ஒரே சொல் இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, உருகிய மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவதை 'மெழுகு வார்ப்பு' என்கிறோம். என் குறிப்பிலோ மெழுகு எதையோ இழந்து நிற்கிறது.

அச்சில் இன்னொரு சங்கடம். தமிழில் சொற்களின் எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொரு சொல்லும் நீளம், ஆகவே வரிகள் கூடின. வடிவமைப்பாளர் எழுத்தைச் சிறிதாக்கி இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார். மேலே வளையும் இகரக் கொக்கியும் கீழே சுழியும் உகரமும் நெருங்கி ஒட்டிக்கொள்ள, ஓர் எட்டு தள்ளி நின்றால் கறுப்புக் கோடுதான் தெரிந்தது.

பிறகொரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் ஒரு மூதாட்டி பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: "சாமிக்கு ஏன் புடவை கட்டவில்லை என்று கேட்கிறாயே, கோயிலில் என்றால் கட்டியிருப்பார்கள்." என் உமைக் குறிப்பு எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதே உமை வேறொரு காட்சிக்கு வந்தபோது, ஆங்கிலக் குறிப்பைத் தராமல் சிலையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். ஆங்கிலம் எழுதுபவரும் நானும் அதன் முன் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய செய்திகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தனித்தனியே எழுதினோம். என்னுடையது இப்படித் தொடங்கியது:

"கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் சாத்தித்தான் பார்த்திருப்போம், முகமும் கைகளுமே தெரியும். பட்டுக்குள் மறைகிற இடையின் வளைவையும் சிற்பி எவ்வளவு கவனமாக வார்த்திருக்கிறார், பாருங்கள். பீடத்துத் துளைகள் வீதியுலாவின்போது சிலையை அசையாமல் கட்டுவதற்கு. முகம் மழுங்கியது தலைமுறை தலைமுறையாகச் செய்த அபிஷேகத்தால்."

ஆங்கிலத்தில் அவர் உமை யார் என்பதிலிருந்து தொடங்கினார். அதற்கு இரண்டு வரி போயிற்று. பட்டுச் சாத்தும் வழக்கத்தை அங்கேயும் சொன்னார், ஆனால் கடைசியில், அறியாதவருக்கு வியப்பாக. தமிழில் அறிமுகம் தேவைப்படாததால் மிச்சமான இடத்தில் எழுத்தைச் சிறிதாக்காமலே அச்சிட முடிந்தது.

நவீன ஓவியங்களில் இது இன்னும் கடினம். ஓவியர் "நினைவை விசாரிக்கிறார்" என்று ஒரு கூடத்தில் படித்தேன். காவல் நிலையம்தான் நினைவுக்கு வந்தது. அந்த வரி தமிழில் நிற்க மறுக்கிறது என்றால், ஆங்கிலத்தில் என்னதான் சொல்ல வந்தார்கள் என்று திருப்பிக் கேட்பதே நல்லது. ஒரு முறை அப்படிக் கேட்டபோது, ஓவியர் தம் பாட்டி வீட்டுக் கதவுகளை நினைவிலிருந்து வரைந்தார் என்ற பதில் கிடைத்தது. அது இரண்டு மொழியிலும் அப்படியே ஏறியது.

தனித்தனியே எழுதுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. உமையின் ஆங்கிலக் குறிப்பில் '11ஆம் நூற்றாண்டாக இருக்கலாம்' என்று இருந்தது. என் தமிழில், ஓசைக்கு இடையூறாக இருக்கிறதென்று அந்த 'இருக்கலாம்' போய்விட்டது. ஒரே சிலை ஆங்கிலத்தில் ஐயத்துக்கு உரியது, தமிழில் உறுதியானது! காட்சி திறந்த மூன்றாம் நாள் ஒரு கல்லூரி மாணவி இரண்டையும் படித்துவிட்டு, எது சரி என்று வரவேற்பில் கேட்டாள். பலகையை மாற்றி அச்சிட்டார்கள். இப்போது காலம், செய்த பொருள், உயரம், வந்த இடம் இவற்றை மட்டும் இரண்டு மொழியும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்காமல் என் தாள் அச்சுக்குப் போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை